ஸ்பெஷல் நாடகச் சுவரொட்டிகளைப் படியெடுத்தல்: ஒரு விமர்சனம்

ஸ்பெஷல் நாடகச் சுவரொட்டிகளைப் படியெடுத்தல் என்பது தென் தமிழ்நாட்டு இசை நாடகங்களுக்காக அச்சிடப்படும் பெரிய அறிவிப்புத் தாள்களில் உள்ள சொற்களைத் தட்டச்சு வடிவில் பதிவுசெய்யும் பணியாகும். அலங்கார எழுத்துகள், ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள், கதிர்களும் படங்களும் நிறைந்த பின்னணி ஆகியவற்றால் இத்தாள்கள் படிக்கக் கடினமானவை. எனினும் படியெடுப்புகளில் நேரும் பெரிய பிழைகள் எழுத்தைத் தவறாகப் படிப்பதால் வருவதில்லை. எழுத்துகள் அனைத்தையும் சரியாகப் படித்து, அவற்றைத் தவறான வரிசையில் எழுதுவதால்தான் வருகின்றன. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக வரிவரியாகப் படியெடுக்கும் வழக்கம் இவ்வகைத் தாளுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

பின்னணி

ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான நாடகக் குழு இல்லாத ஒரு நிகழ்த்து முறை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்களே இதில் பெரும்பாலும் நடிக்கப்படுகின்றன. ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் வைப்பவர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனப் பாத்திர வகைக்கு ஏற்பக் கலைஞர்களைத் தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். ஹார்மோனியம், மிருதங்கம் வாசிப்பவர்களும் அவ்வாறே வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. அன்று இரவு மேடையில்தான் அவர்கள் ஒன்று சேர்கிறார்கள். விடிந்ததும் அவரவர் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

இதன் விளைவு ஒன்று உண்டு. ஓர் இரவில் ஓர் ஊரில் யார் எந்த வேடம் கட்டினார்கள் என்பதற்குச் சுவரொட்டியைத் தவிர வேறு அச்சுச் சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. திரைப்படமாக இருந்தால் சுவரொட்டியைத் தவறாகப் படித்தாலும் படச்சுருளில் உள்ள பெயர்ப் பட்டியலைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். ஸ்பெஷல் நாடகத்துக்கு அந்த வசதி இல்லை. படியெடுப்பில் ஒரு கலைஞரின் பெயர் இன்னொருவரின் வேடத்தோடு சேர்ந்துவிட்டால், மூலத் தாள் மறைந்த பின் அந்தப் பிழையே வரலாறாகிவிடும்.

இத்தாள்களில் பெயரின் அளவும் இடமும் பொருளற்றவை அல்ல. ஸ்பெஷல் நாடகத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் சூசன் சீசர், 2005-இல் வெளிவந்த தம் நூலில், இந்த அறிவிப்புகளின் அமைப்பைக் கலைஞர்களிடையே உள்ள மதிப்புப் படிநிலையோடு இணைத்து வாசித்தார். எந்தப் பெயர் எங்கே, எவ்வளவு பெரியதாக வருகிறது என்பதும் தாள் சொல்லும் செய்திதான். எல்லாப் பெயர்களையும் ஒரே அளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் படியெடுப்பில் இச்செய்தி முழுவதுமாக அழிந்துவிடுகிறது.

வரிமுறை எங்கிருந்து வந்தது

வரிவரியாகப் படியெடுக்கும் பழக்கம் பழைய அச்சு முறைக்குச் சரியாகவே பொருந்தியது. ஈய எழுத்துகளையும் மர எழுத்துகளையும் கோத்து அச்சிட்ட காலத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகத் துண்டு. அத்துண்டுகளை வரியாக அடுக்கி, இடைவெளிக் கட்டைகளை இட்டு, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்க வேண்டும். படம் வேண்டுமென்றால் அதற்குரிய பிளாக்கைத் தனி இடத்தில் வைக்க வேண்டும். எழுத்து வளைந்து போகவோ படத்தின்மேல் ஏறி நிற்கவோ வழியில்லை. ஆகவே பழைய நாடக நோட்டீஸ்களில் எழுத்தின் அளவு எவ்வளவு மாறினாலும், வரி வரியாகவே இருந்தது. மேலிருந்து கீழே படித்தால் பொருள் கிடைத்தது.

ஆப்செட் அச்சு வந்த பின் நிலைமை மாறியது. எழுத்துகளை ஓவியர் கையால் வரைந்தார். அல்லது தனித்தனியாக அச்சிட்டு வெட்டி ஒட்டினார். முழுத் தாளும் ஒரே படமாகப் பிடிக்கப்பட்டுத் தகட்டுக்குச் சென்றது. அதனால் எழுத்து எங்கும் நிற்கலாம், எந்தக் கோணத்திலும் சாயலாம், ஒருவரின் முகப் படத்தைச் சுற்றி வளையலாம். வரி என்ற அலகு அத்துடன் போயிற்று. அதன் இடத்தில் படம், அடைமொழி, பெயர், வேடம் ஆகியவை சேர்ந்த ஒரு கட்டம் அலகாக வந்தது. படியெடுப்பவர்கள் மட்டும் பழைய அலகையே தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள். எழுத்துணரி மென்பொருள்களும் பெரும்பாலும் புத்தகப் பக்கத்தை மனத்தில் வைத்து உருவானவை. அவையும் கிடைமட்ட வரியையே முதலில் தேடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது இவ்வகைச் சுவரொட்டிகளில் பொதுவாகக் காணப்படும் கூறுகளைக் கொண்டு அமைத்த மாதிரி. கலைஞர்களின் பெயர்களுக்குப் பதிலாக க, ங, ச என்ற எழுத்துகள் இடப்பட்டுள்ளன.

தாளின் அளவு 20 × 30 அங்குலம். பின்னணியில் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும் சூரியக் கதிர்கள். நடுவில் தோகை விரித்த மயில். உச்சியில் சிறிய எழுத்தில் அம்மன் துணை. அதன் கீழ் விழாவின் பெயரும் தேதியும். பிறகு வில்போல வளைந்த பெரிய எழுத்தில் ‘வள்ளி திருமணம்’. அதற்கும் கீழே மூன்று முகப் படங்கள். நடுப்படம் மற்ற இரண்டையும்விடப் பெரியது. அதனால் அதன் அடியில் உள்ள எழுத்துகள் பக்கத்துக் கட்டங்களைவிட ஒரு வரி கீழே இறங்கி நிற்கின்றன.

இடப்பக்கக் கட்டத்தில் ‘இசைச்செல்வன்’, க, ‘ராஜபார்ட்’ என மூன்று வரிகள். நடுவில் ‘வாதத்திலகம்’, ங, ‘நாரதர்’. வலப்பக்கத்தில் ‘குரலிசைக்குயில்’, ச, ‘ஸ்திரீபார்ட்’. இதை வரிமுறையில் படியெடுத்தால் கிடைப்பது இது:

இசைச்செல்வன் குரலிசைக்குயில்
க வாதத்திலகம் ச
ராஜபார்ட் ங ஸ்திரீபார்ட்
நாரதர்

இதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால் வரும். ஆகவே இரண்டாம் வரியைப் படிப்பவர் ‘வாதத்திலகம் ச’ என்று சேர்த்துப் படிப்பார். மூன்றாம் வரியில் ‘ராஜபார்ட் ங’ என்று படிப்பார். நாரதராக வந்து வள்ளியோடு தர்க்கம் செய்த ங, பதிவில் முருகனாகிவிடுகிறார். அவருடைய அடைமொழி வள்ளியாக நடித்த ச என்பவருக்குப் போகிறது. உண்மையான ராஜபார்ட்டான க வேடமே இல்லாமல் நிற்கிறார். கடைசி வரியில் நாரதர் வேடம் ஆளில்லாமல் தொங்குகிறது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத் தாளை மீண்டும் முழுவதும் படிக்க வேண்டியதில்லை. இப்படி ஆளில்லாத ஒரு வேடமோ வேடமில்லாத ஒரு பெயரோ இறுதியில் மிஞ்சுவதே அதன் அடையாளம். ஆகவே படியெடுத்து முடித்ததும் ஒவ்வொரு முகப் படத்தோடும் ஒரு பெயரும் ஒரு வேடமும் இணைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இணை பொருந்தாவிட்டால் இரண்டு காரணங்களே இருக்க முடியும். ஒன்று, வரி நழுவியிருக்கும். இன்னொன்று, உண்மையிலேயே படம் இல்லாத ஒரு பெயர் தாளில் இருக்கும். இசைக் கலைஞர்களின் பெயர்கள் பல தாள்களில் படமின்றி, ஓரத்தில் சிறிய எழுத்தில் வருவதால் இரண்டாவது காரணமும் அரிதன்று. இணை பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரை விட்டுவிடுவது வரி நழுவலைவிட மோசமான பிழை.

மாதிரித் தாளைக் கட்டமுறையில் எழுதினால் இவ்வாறு அமையும்:

கட்டம் 5அ (இடம், நடுத்தர எழுத்து): இசைச்செல்வன் / க / ராஜபார்ட்
கட்டம் 5ஆ (நடு, பெரிய எழுத்து): வாதத்திலகம் / ங / நாரதர்
கட்டம் 5இ (வலம், நடுத்தர எழுத்து): குரலிசைக்குயில் / ச / ஸ்திரீபார்ட்

சாய்கோடு தாளில் வரி முறியும் இடத்தைக் காட்டுகிறது. எழுத்தின் அளவைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்ற மூன்று நிலைகளில் குறித்தால் போதும். மில்லிமீட்டரில் அளந்து எழுதுவது துல்லியம்போலத் தோன்றினாலும், பார்வையாளர் தாளை வாசிக்கும் முறைக்கு அது எதையும் கூட்டுவதில்லை. இந்த எடுத்துக்காட்டில் நாரதரின் படமும் எழுத்தும் ராஜபார்ட்டைவிடப் பெரியவை என்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த இரவில் நாரதராக வந்தவரைத்தான் ஊர் பெரிதாக எதிர்பார்த்தது என்று ஓர் ஆய்வாளர் ஊகிக்க இடமுண்டு. வரிமுறைப் படியெடுப்பில் அந்த ஊகத்துக்கே வழியில்லை.

பின்னணியிலிருந்து எழுத்தைப் பிரித்தல்

கதிர்களின்மேல் வெள்ளை எழுத்தில் அச்சான பெயர்கள் கண்ணைக் கூசவைக்கும். இத்தகைய இடங்களில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் படிப்பதே பலரும் முதலில் செய்வது. அது பெரும்பாலும் தவறான தொடக்கம். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நிற வேறுபாடு போய் வெளிச்ச வேறுபாடு மட்டும் எஞ்சுகிறது. மஞ்சள் மிக வெளிச்சமான நிறம். அதனால் மஞ்சள் கதிரின்மேல் உள்ள வெள்ளை எழுத்து ஏறக்குறைய மறைந்துவிடும். சம வெளிச்சமுள்ள சிவப்பின்மேல் உள்ள பச்சை எழுத்துக்கும் இதே கதிதான்.

இதைவிட நல்ல வழி, படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே பார்ப்பது. மஞ்சள் மையும் சரி, சிவப்பு நிறமும் சரி, நீல ஒளியை உறிஞ்சுபவை. ஆகவே நீல அடுக்கில் சிவப்புக் கதிரும் மஞ்சள் கதிரும் ஒரே இருட்டாகத் தெரியும். கதிர் என்ற ஒன்றே இல்லாமல் போய், வெள்ளை எழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கும். மஞ்சள் எழுத்து சிவப்புப் பரப்பின்மேல் இருந்தால் நீல அடுக்கு பயன்படாது. அங்கே பச்சை அடுக்கைப் பார்க்க வேண்டும், ஏனெனில் மஞ்சள் அதில் வெளிச்சமாகவும் சிவப்பு இருட்டாகவும் விழும். சிவப்பின்மேல் பச்சை எழுத்து இருந்தால் சிவப்பு அடுக்கு உதவும். இமேஜ்மேஜிக் என்ற கட்டற்ற மென்பொருளில் நீல அடுக்கைப் பிரிக்கும் கட்டளை இது:

```
magick suvarotti.png -channel B -separate neelam.png
```

`B` என்பதற்குப் பதில் `R` அல்லது `G` இட்டால் மற்ற இரண்டு அடுக்குகளும் கிடைக்கும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வெயிலில் இருந்த தாளில் நிறங்கள் மங்கியிருக்கும். அப்போது அடுக்குகளுக்கிடையே உள்ள வேறுபாடும் குறைந்துவிடும். நிறத் தகடுகள் அச்சின்போது சற்று விலகியிருந்தால் எழுத்தின் ஓரத்தில் இன்னொரு கோடு தோன்றும். எழுத்துக்கு நிழல் வரைந்திருந்தாலும் அப்படியே. தமிழில் இது வெறும் அழகுக் குறை அல்ல. செங்குத்தாக நிற்கும் ஒரு நிழல்கோட்டைக் காலாகப் படித்துவிட்டால் ‘மணி’ என்பது ‘மாணி’ ஆகிவிடும். ஐயம் தோன்றினால் அதே தாளில் வேறோர் இடத்தில் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும். நிழல் எல்லா எழுத்துக்கும் ஒரே திசையில் விழும். கால் அப்படி விழாது.

படத்தின் நுண்மையும் இங்கே கணக்கில் வருகிறது. தாளின் அடியில் அச்சகத்தின் பெயர் 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் வருடினால் அந்த எழுத்துக்கு ஏறத்தாழ 24 புள்ளி உயரம் கிடைக்கும். புள்ளியும் சுழியும் அதில் தெரியும். 30 அங்குல நீளத் தாள் முழுவதையும் 4000 புள்ளி நீளமுள்ள ஒரே கைப்பேசிப் படமாக எடுத்தால் அதே எழுத்துக்கு 10 புள்ளி அளவே கிடைக்கும். அதில் ண, ன வேறுபாடும் மெய்ப்புள்ளியும் கரைந்துவிடும். தாளை நான்கு அல்லது ஆறு பகுதிகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு எடுப்பதே இதற்குத் தீர்வு. அச்சகத்தின் பெயரை விட்டுவிடக் கூடாது. 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் தாளில் குறிக்கக் கோரியது. தேதியோ ஊரோ கிழிந்துபோன தாளில், அது எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று அந்த வரியாகவே இருக்கக்கூடும்.

சிறிய எழுத்தின் எடை

சுவரொட்டியில் எழுத்தின் அளவுக்கும் அது தரும் தகவலுக்கும் தலைகீழ் உறவு உண்டு. ‘வள்ளி திருமணம்’ என்ற தலைப்பு ஓர் அடி அகலத்தில் இருக்கும். அதன் மெய்ப்புள்ளிகள் நட்சத்திரமாகவோ தீச்சுடராகவோ மாறியிருந்தாலும், பாதி எழுத்தை மயில்தோகை மறைத்திருந்தாலும், யாரும் அதைத் தவறாகப் படிக்கமாட்டார்கள். தெரிந்த தலைப்பு என்பதால் கண் தானாகவே அதை நிரப்பிவிடுகிறது.

கலைஞரின் பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்தின் நிலை இதற்கு நேர்மாறு. அது பெயரைவிடச் சிறியதாக, பெரும்பாலும் ஒரு மூலையில் செருகப்பட்டிருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு கலைஞர்களைப் பிரித்துக் காட்டுவதோ அந்தத் தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும்தான். ‘எம்.’ என்பதற்கும் ‘என்.’ என்பதற்கும் ஓர் எழுத்தே வேறுபாடு. ‘எ’ என்பதற்கும் ‘ஏ’ என்பதற்கும் ஒரு சிறு சாய்கோடே வேறுபாடு. இந்த இடத்தில் ஊகத்துக்கு மொழியறிவு உதவாது, ஏனெனில் இரண்டுமே சரியான தலைப்பெழுத்துகள்தாம். ஆகவே படியெடுப்பவர் தம் நேரத்தைப் பெரிய எழுத்தில் செலவிடாமல் இங்கே செலவிட வேண்டும்.

தெளிவாகத் தெரியாத எழுத்தை எப்படிக் காட்டுவது என்பதற்குக் கல்வெட்டுப் பதிப்புகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் தருவார்கள். அதையே இங்கும் பின்பற்றலாம். ‘எ[ம்].’ என்று எழுதினால் ‘ம்’ ஊகம் என்பது தெரியும். அடைப்பில்லாமல் ‘எம்.’ என்று எழுதிவிட்டால் அடுத்து வருபவர் அதைச் சான்றாகவே எடுத்துக்கொள்வார். இணையத்தில் உள்ள பல படியெடுப்புகளில் அடைப்புக்குறி ஒன்றுகூட இல்லாததை அவற்றின் தெளிவுக்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. பின்னணி நிறைந்த ஒரு தாளில் எல்லா எழுத்தும் ஐயமின்றித் தெரிந்தது என்பது நம்பத்தக்கதன்று.

எழுத்துக்கூட்டைத் திருத்துவதும் இதைப் போன்ற குறையே. ‘ஆர்மோனியம்’ என்று அச்சாகியிருந்தால் அப்படியே எழுத வேண்டும். ‘ஹார்மோனியம்’ என்ற வடிவைத் தேடலுக்காகத் தனியே சேர்க்கலாம்.

பழைய வரிவடிவமும் ஒருங்குறியும்

பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஆணையாக்கியது. அதன்படி ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவமும் நீங்கின. சுவரொட்டி ஓவியர்கள் கைப்பழக்கத்தாலும் அழகு கருதியும் பழைய வடிவங்களை அதற்குப் பின்னும் வரைந்தார்கள். ஆகவே துதிக்கை ‘லை’ இருப்பதை மட்டும் வைத்துத் தாள் 1978-க்கு முந்தையது என்று முடிவுசெய்யக் கூடாது.

இந்த வேறுபாட்டை ஒருங்குறியில் தட்டச்சால் காட்ட முடியாது. பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியெண்கள் ஒன்றே. எந்த உருவம் தெரிய வேண்டும் என்பதை எழுத்துருதான் முடிவுசெய்கிறது. வரிவடிவம் முக்கியம் என்று கருதினால் ‘லை பழைய வடிவில்’ என்று கட்டக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

‘ஸ்ரீ’ என்ற எழுத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இதை ‘ஸ’ என்ற எழுத்தில் தொடங்கியும் ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் இரண்டு விதமாகத் தட்டச்சிட முடியும். சுவரொட்டிகளில் கோயில் பெயரும் அம்மன் பெயரும் ‘ஸ்ரீ’ என்றே பெரும்பாலும் தொடங்குகின்றன. ஒரு தொகுப்பில் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டச்சிட்டால், ஒரே கோயிலின் தாள்கள் தேடலில் பாதி மட்டுமே கிடைக்கும். ஒரு தொகுப்புக்கு ஒரே முறை என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்வதுதான் இதற்கு வழி.

தேதியைச் சரிபார்த்தல்

தேதி இத்தாள்களில் மூன்று விதமாக ஒருசேர வருவது படியெடுப்பவருக்கு வாய்த்த நல்ல வசதி. மாதிரித் தாளில் ‘நிகழும் பிரஜோற்பத்தி வருஷம் பங்குனி மாதம் 15ஆம் தேதி (28-3-92) சனிக்கிழமை இரவு 10 மணிக்கு’ என்று இருப்பதாகக் கொள்ளலாம். ஆண்டின் கடைசி இலக்கத்தின்மேல் மயில்தோகை ஏறியிருக்கிறது. மேல் வளைவு மட்டுமே தெரிகிறது. அது 2 ஆகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம்.

முதலில் கிழமையைப் பார்க்க வேண்டும். 1993 மார்ச் 28 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே 93 நீங்கிவிடுகிறது. 1992 மார்ச் 28 சனிக்கிழமை. ஆனால் 1998 மார்ச் 28-உம் சனிக்கிழமையே. கிழமை பொருந்துகிறது என்று இங்கேயே நிறுத்தியவர் ஆறு ஆண்டுகள் தவறிப்போக வாய்ப்புண்டு. தமிழ் ஆண்டின் பெயர்தான் முடிவைத் தருகிறது. 1991 சித்திரை முதல் 1992 பங்குனி வரை பிரஜோற்பத்தி. 1998 மார்ச் மாதம் ஈஸ்வர ஆண்டில் விழுகிறது. அறுபது ஆண்டுப் பெயர்களில் ‘பத்தி’ என்று முடிவது பிரஜோற்பத்தி ஒன்றுதான். எனவே ஆண்டின் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள் தெரிந்தாலே 1992 என்று உறுதிசெய்துவிடலாம்.

தமிழ் மாதத் தேதியை மட்டும் கடைசிச் சான்றாக வைக்கக் கூடாது. மாதப் பிறப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின்னாக விழும். மூன்று தேதிகளும் ஒன்றோடொன்று முரண்பட்டால், அச்சிட்டவரே பிழை செய்திருக்கவும் கூடும். அப்போது மூன்றையும் தாளில் உள்ளபடியே எழுதி, முரண்பாட்டைக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும். கணக்குப் போட்டுச் சரியாக்கிய தேதியை மூலத்தின் இடத்தில் எழுதுவது படியெடுப்பு ஆகாது. மாதிரித் தாளில் கடைசி இலக்கம் முழுவதும் தெரியாததால், முடிவு உறுதியான பின்னும் ‘28-3-9[2]’ என்றே எழுத வேண்டும்.

மதிப்பீடு

கட்டமுறைக்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயமான குறை அதன் மெதுவான வேகம். வரிமுறையில் ஒரு தாளை முடிக்கும் நேரத்தில் கட்டமுறையில் பாதித் தாளைத்தான் முடிக்க முடியும். தாள்கள் அழிந்துகொண்டிருக்கும்போது எண்ணிக்கையே முக்கியம் என்று வாதிடலாம். இவ்வாதத்தில் ஒரு பகுதி உண்மை. அதற்கு ஏற்ற விடை, அவசரத்தில் நல்ல படங்களை மட்டும் எடுத்துவைத்து, படியெடுப்பைத் தள்ளிப்போடுவது. பகுதி பகுதியாக எடுத்த படம் இருந்தால் எந்தக் கட்டத்தையும் பிறகு படித்துக்கொள்ளலாம். வேடங்களை மாற்றிப்போட்ட ஒரு வரிப் பட்டியலிலிருந்து எதையும் மீட்க முடியாது.

இன்னொரு குறை, கட்டங்களைப் பிரிப்பதே ஒரு விளக்கம்தான் என்பது. எந்த அடைமொழி எந்தப் படத்துக்கு உரியது என்பதைப் படியெடுப்பவரே தீர்மானிக்கிறார். இதுவும் உண்மை. ஆனால் வரிமுறையும் அதே தீர்மானத்தைச் செய்கிறது. அதைச் செய்ததாக அது காட்டிக்கொள்வதில்லை என்பதே வேறுபாடு. கட்டத்தின் எண்ணும் இடமும் எழுதப்பட்டிருந்தால், தீர்மானம் தவறு என்று கருதுபவர் தாளையும் பதிவையும் ஒப்பிட்டு அதை மாற்ற முடியும்.